ஷூ எங்கே அகலமாக இருக்க வேண்டும்?

ஆறு மாதமாவது போட்டுப் பழகிய ஷூ ஒன்றை எடுத்து, அதன் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். விரல்கள் அழுந்திய இடங்கள் அதில் கறுத்துப் பதிந்திருக்கும். ஐந்து விரல்களின் தடமும் முழுதாகத் தெரிந்தால் நல்லது. பெருவிரலின் தடமும் சுண்டுவிரலின் தடமும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டதுபோல் நின்றுவிட்டால், மீதிப் பாதி அட்டைக்கு வெளியே ஷூவின் சுவரில் அழுந்திக்கொண்டிருந்தது என்று பொருள். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் செவிலியர்கள், ஆசிரியர்கள், ஜவுளிக்கடைப் பணியாளர்கள், காவலர்கள் பலரின் ஷூவில் இந்த வெட்டுப்பட்ட தடத்தைப் பார்க்கலாம்.

பெருவிரலின் அடிமூட்டில், பாதத்தின் உட்புறமாக எலும்பு புடைத்துக்கொண்டு நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் பன்யன் என்பார்கள். மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதுவார்கள். இது உள்ளவர்களிடம் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: “அகலமான ஷூ வாங்கிப் போடுங்கள்.” அறிவுரை சரி. ஆனால் அதன்படி வாங்கிய பலருக்கு வலி குறைவதில்லை. ஷூ எந்த இடத்தில் அகலமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் காரணம்.

புடைப்பு எப்படி வருகிறது?

வெளியே தெரியும் அந்த முண்டு புதிதாக முளைத்த எலும்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே இருந்த எலும்பின் தலைதான். பெருவிரலுக்குப் பின்னால், பாதத்துக்குள் ஒரு நீண்ட எலும்பு இருக்கிறது. அதன் முன்முனை மெல்ல மெல்லப் பாதத்தின் உட்புறமாக விலகுகிறது. அதே நேரத்தில் பெருவிரல் எதிர்த்திசையில், இரண்டாவது விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டு கோணலாகி வெளியே துருத்துகிறது. அதன் மேல் ஷூ உரச உரச, தோலுக்கு அடியில் இருக்கும் நீர்ப்பை வீங்கிச் சிவக்கிறது. வலியின் பெரும்பகுதி இந்த உரசலில்தான்.

பெருவிரலை மேலும் கீழும் இயக்கும் தசைநாண்கள் விரல் நேராக இருக்கும்வரை மூட்டின் நடுவே ஓடுகின்றன. விரல் சாய்ந்ததும் அவை வில்லின் நாண் போல ஒரு பக்கமாக விலகி நிற்கின்றன. அதற்குப் பிறகு ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்த நாண்களே விரலை இன்னும் சாய்க்கின்றன. ஒருமுறை தொடங்கிய சாய்வு ஆண்டுகள் போகப்போகக் கூடுவதற்கு இது முக்கியக் காரணம். பெருவிரல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டாவது விரல் மடங்கி மேலே எழுகிறது. நான்காவது, ஐந்தாவது விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, இடுக்கில் கால் ஆணி வருகிறது. சிலருக்குச் சுண்டுவிரலின் அடிமூட்டிலும் சிறு புடைப்பு உண்டாகிறது.

ஷூ மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. இது குடும்பத்தில் தொடரும் தன்மையுள்ளது. மூட்டுகளைக் கட்டும் தசைநார்கள் இயல்பிலேயே தளர்ந்திருப்பவர்களுக்கு எளிதில் வருகிறது. ஆனால் அந்த இயல்போடு குறுகலான ஷூவும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஹாங்காங்கில் ஷூ அணியும் மக்களையும் வெறுங்காலோடு வாழ்ந்த மக்களையும் ஒப்பிட்டு 1958இல் வெளியான ஆய்வில், ஷூ அணிந்தவர்களில் சுமார் 33 சதவீதத்தினருக்கு இந்தக் கோணல் இருந்தது. அணியாதவர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இடைக்காலக் கல்லறைகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள் 2021இல் இன்னொன்றைக் கண்டார்கள். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதத்தினருக்கு இருந்த புடைப்பு, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களில் 27 சதவீதமாக ஏறியிருந்தது. கூர்முனை ஷூ அங்கே நாகரிகமானது அந்தப் பிந்திய காலத்தில்தான்.

‘வைடு’ என்று எழுதியிருந்தால் போதுமா?

எந்த ஷூவும் லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் இழுத்துக் கட்டித்தான் உருவாகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள ஷூ தொழிற்சாலைகளில் இந்த அச்சுகளை ரகம் ரகமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அச்சு எந்த வடிவமோ, அதுதான் ஷூவின் வடிவம். வழக்கமான அச்சு விரல்களின் அடிமூட்டு வரிசையில் அதிக அகலமாக இருக்கும். அங்கிருந்து முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதன் உச்சி பெரும்பாலும் நடுவில், இரண்டாவது மூன்றாவது விரல்களுக்கு எதிரே இருக்கும். மனிதக் காலோ அப்படி இல்லை. பலருக்குப் பெருவிரல்தான் நீளமானது. விரல்களை விரித்து ஊன்றினால் விரல் வரிசை அடிமூட்டு வரிசை அளவுக்கே அகலமாகிறது.

ஷூ பெட்டியில் அகலத்தைக் குறிக்கும் எழுத்துகள் இந்த அடிமூட்டு வரிசையைத்தான் பேசுகின்றன. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு D இயல்பான அகலம், 2E அகலம், 4E மிக அகலம். பெண்களுக்கு B இயல்பு, D அகலம், 2E மிக அகலம். எழுத்து ஒரு படி ஏறும்போது மூட்டுப் பகுதியின் சுற்றளவு கூடுகிறது. மேல்பகுதியில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் முனை குறுகும் வடிவம் அப்படியே இருக்கலாம். 4E என்று எழுதிய ஷூவும் முன்னால் கூம்பிக்கொண்டே போகலாம். புடைப்பில் உரசல் குறையும். பெருவிரல் மட்டும் உள்ளே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது இரண்டு அகலங்கள். ஒன்று, புடைப்பு இருக்கும் மூட்டு வரிசையின் அகலம். மற்றொன்று, விரல் நுனிகளுக்கு அருகில் உள்ள அகலம். இரண்டாவதைப் பெட்டி சொல்லாது. நாம்தான் அளக்க வேண்டும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே விற்கும் ஷூக்களின் அளவு முறைகள் பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து, இந்தியர்களுக்கென ஓர் அளவு முறையை வகுக்க முனைந்தது. அந்த ஆய்வில் நம் கால்கள் பொதுவாக மேலைநாட்டுக் கால்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது. நீளம் சரியாக இருந்தும் பக்கம் இறுக்குகிறது என்று இங்கே பலர் சொல்வது வெறும் நினைப்பு இல்லை.

ஒரு தாளும் பென்சிலும்

அளவெடுக்க மாலை நேரம் நல்லது. நாள் முழுக்க நடந்து கால் சற்றே வீங்கியிருக்கும். தாளைத் தரையில் வைத்து, எழுந்து நின்று, இரண்டு காலிலும் எடையைச் சமமாக ஊன்றுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் வரைந்தால் துல்லியமாக வரும். நாமே குனிந்து வரைந்தால் எடை மாறிக் கோடும் மாறிவிடும். ஷூவோடு சாக்ஸ் போடுபவர் சாக்ஸ் போட்டே வரையட்டும். இரண்டு காலையும் வரைய வேண்டும்; பெரியதாக இருக்கும் காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

வரைந்த பிறகு மூன்று அளவுகளைக் குறியுங்கள். குதிகாலின் பின்முனையிலிருந்து நீளமான விரலின் நுனிவரை நீளம். புடைப்பின் வெளிமுனையிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டுவரை மூட்டு அகலம். கடைசியாக, சுண்டுவிரல் நுனி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தில் குறுக்கே விரல் அகலம். கடைசி இரண்டும் குதிகாலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் வருகின்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஷூவின் இன்சோலில் அதே தூரத்தில் அளந்து ஒப்பிட அது தேவைப்படும்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். வயது 50. வலது காலில் புடைப்பு. நீளம் 24 செ.மீ., மூட்டு அகலம் 10 செ.மீ., விரல் அகலம் 9.2 செ.மீ. அவர் அணிவது பிரிட்டிஷ் அளவில் 5ஆம் எண், லேஸ் இல்லாத, காலை நுழைத்துப் போடும் ஷூ. அதன் இன்சோல் மூட்டுப் பகுதியில் 8.4 செ.மீ., விரல் பகுதியில் 7 செ.மீ. காலின் ஓரம் இன்சோலைவிடப் பக்கத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நிற்பது இயல்பு. ஷூவின் மேல்பகுதி வளைந்து அந்த இடத்தைத் தந்துவிடும். ஆனால் இவருக்கு மூட்டில் 16 மி.மீ., விரலில் 22 மி.மீ. பற்றவில்லை.

வலி தாங்காமல் 6ஆம் எண் வாங்குகிறார். பெரும்பாலோர் செய்வது இதுதான். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண் ஏறினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். அடிப்பகுதியின் அகலம் கூடுவது சுமார் 2 மி.மீ. மட்டுமே. 7ஆம் எண்ணுக்கே போனாலும் அகலத்தில் கிடைப்பது 4 மி.மீ.தான், நீளமோ 17 மி.மீ. கூடிவிடும். குதிகால் கழன்று கழன்று வரும். ஷூ மடங்க வேண்டிய இடம் மூட்டுக்கு நேராக இல்லாமல் முன்னால் தள்ளிப் போய்விடும். ஒவ்வோர் அடியிலும் கால் முன்னோக்கி வழுக்கி, முனையின் குறுகலான பகுதிக்குள்ளேயே போய் முட்டும். பெரிய எண் வாங்கியும் விரல் வலிப்பதன் விளக்கம் இதுதான்.

அடுத்து அதே 5ஆம் எண்ணில், அதே மாடலில், இரண்டு படி அகலமானது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடி அகலம் ஏறத்தாழ 4 மி.மீ. கூடும், மேல்பகுதியிலும் இடம் கிடைக்கும். புடைப்பு நிம்மதி அடையலாம். விரல் பகுதியில் இன்னும் 18 மி.மீ. குறைவு.

மூன்றாவதாக அவர் கையில் எடுப்பது வேறு அச்சில் செய்த ஷூ. எண் 5தான். லேஸ் உண்டு. முனை அகலமாக, பெருவிரல் பக்கம் உயர்ந்து சுண்டுவிரல் பக்கம் சரிகிறது. இன்சோல் மூட்டில் 9.6 செ.மீ., விரலில் 8.8 செ.மீ. இரண்டு இடத்திலும் குறைவு 4 மி.மீ. மட்டுமே, பக்கத்துக்கு 2 மி.மீ. மென்மையான மேல்பகுதி அதைத் தாங்கிக்கொள்ளும். எண் மாறவில்லை, அச்சு மாறியிருக்கிறது. அதுதான் அவருக்கான ஷூ.

இங்கே ஒரு எச்சரிக்கை. புடைப்பு உள்ளவரின் பெருவிரல் ஏற்கெனவே உள்ளே சாய்ந்திருக்கும். அதனால் தாளில் கிடைக்கும் விரல் அகலம், சாய்வுக்குப் பிந்திய அகலம். அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஷூ, விரலை அதே சாய்வில் பிடித்து வைத்துவிடும். ஆகவே ஷூவின் உட்பக்க விளிம்பையும் பாருங்கள். மூட்டிலிருந்து முனைவரை அது ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். மூட்டைத் தாண்டியதும் நடுவை நோக்கி வளையத் தொடங்கினால், அந்த வளைவு விழும் இடத்தில்தான் பெருவிரல் இருக்கிறது.

அகலத்தோடு சேர்ந்து வர வேண்டியவை

அகலமான முனை மட்டும் இருந்தால் கால் உள்ளே நீந்தும். காலை நடுப்பாதத்தில் பிடித்து நிறுத்த லேஸோ, பக்கிளோ, ஒட்டும் பட்டையோ வேண்டும். நுழைத்துப் போடும் பெண்களின் பெல்லி ஷூவிலும் லோஃபரிலும் அப்படி எதுவும் இல்லை. அவை கழன்று விழாமல் இருக்க விரல்களையும் குதிகாலையும் இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். புடைப்பு உள்ளவர்களுக்கு அந்த வகை ஷூவில் பொருத்தமானது கிடைப்பது மிக அரிது. லேஸ் ஷூவில் இன்னொரு வசதியும் உண்டு: விரல்களுக்கு மிக அருகில் இருக்கும் முதல் இரண்டு துளைகளில் லேஸ் கோக்காமல் விட்டுவிட்டால் மூட்டுப் பகுதி தளரும், மேலே இறுக்கிக் கட்டினால் குதிகால் நகராது.

மேல்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு வந்து விழும் இடத்தில் தையலோ, ஒட்டுத் துண்டோ, தடித்த பட்டையோ இருக்கக் கூடாது. மெல்லிய தோலும் பின்னல் துணியும் இடம் கொடுக்கும். பளபளப்பான ரெக்சின் வகைகள் கொடுப்பதில்லை. இரண்டாவது விரல் மடங்கி மேலே எழுந்திருப்பவர் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டு விரல்களை உள்ளே அசைத்தால், மேல்பகுதியில் முட்டு தெரியக் கூடாது.

ஹீல் உயர உயர உடல் எடை முன்பாதத்தில் இறங்குகிறது. முனை எவ்வளவு அகலமாக இருந்தாலும் உயர்ந்த ஹீல் விரல்களை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதே சமயம், அகல முனை ஷூக்களில் சில, குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்யப்பட்டவை. பல ஆண்டு ஹீல் போட்டவர் திடீரென்று அதற்கு மாறினால் கெண்டைக்கால் தசையும் குதிநாணும் வலிக்கும். தினம் ஓரிரு மணி நேரம் என்று தொடங்கிச் சில வாரங்களில் பழக்கிக்கொள்ள வேண்டும்.

கடையில் பார்ப்பதற்கு எளிய வழி, வரைந்த தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போவது. இன்சோலை உருவித் தாளை அதன் மேல் வைத்தால் எங்கே பற்றவில்லை என்பது உடனே தெரியும். உருவ முடியாத இன்சோல் என்றால் தாளை ஷூவுக்குள் செருகிப் பாருங்கள். ஓரம் மடங்கும் இடம்தான் இறுக்கும் இடம். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்குபவர்கள் ஷூவின் அடிப்புறப் படத்தை நம்ப வேண்டாம். சோல் வெளியே விரிந்திருந்தாலும் உள்ளே இடம் குறைவாக இருக்கலாம். திருப்பி அனுப்ப வசதி இருக்கும் இடத்தில் வாங்கி, வீட்டுத் தரையில் ஒரு மணி நேரம் நடந்து, கழற்றிக் காலைப் பாருங்கள். புடைப்பின் மேலோ சுண்டுவிரலிலோ சிவந்த தடம் இருந்து, இருபது நிமிடம் ஆகியும் மறையாவிட்டால் அந்த ஷூ வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த கால்கள்

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்னதில் ஒரு பகுதி பொருந்தாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு இறுக்கமான ஷூதான் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றும். தளர்வானது பிடிமானம் இல்லாததுபோல் இருக்கும். புடைப்பின் மேல் தோல் உரிந்தாலும் தெரியாது. அங்கிருந்து புண் தொடங்கும். இவர்கள் உணர்வை நம்பாமல் தாளையும் அளவையும் நம்ப வேண்டும். போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்ப்பதும், கழற்றியதும் காலைக் கண்ணால் பார்ப்பதும் தினசரி வேலை. மருத்துவர் எம்.சி.ஆர். செருப்பு பரிந்துரைத்தால், அதன் வார் புடைப்பின் மேல் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

அந்த மூட்டில் வரும் வலி எல்லாம் பன்யன் வலி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே இரவில் மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே துடிக்க வைத்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆக இருக்கலாம். புடைப்பு பக்கத்தில் இல்லாமல் மூட்டின் மேல்புறத்தில் இருந்து, விரலை மேல்நோக்கி மடக்க முடியாமல் போனால் அது மூட்டுத் தேய்மானம். அவருக்கு வளைந்து கொடுக்கும் சோல் வலியைக் கூட்டும். விறைப்பான, முன்னால் மேல்நோக்கி வளைந்த சோல்தான் உதவும். இரண்டுக்கும் முதலில் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஷூவால் முடிவதும் முடியாததும்

நல்ல ஷூ புடைப்பைக் கரைக்காது. சாய்ந்த விரலை நிமிர்த்தாது. விரல்களுக்கு இடையே வைக்கும் சிலிக்கான் துண்டுகளும் அப்படித்தான்: வைத்திருக்கும்வரை உரசல் குறையும், எடுத்தால் விரல் பழைய இடத்துக்குப் போகும். அதை ஷூவுக்குள் வைத்துக்கொள்ள நினைப்பவர், அதை வைத்த நிலையில் காலை வரைந்து அளவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நெரிசல்தான் கூடும். எலும்பை நேராக்க அறுவை சிகிச்சை ஒன்றே வழி. பொருத்தமான ஷூ போட்ட பிறகும் நடையைக் கெடுக்கும் வலி இருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். பார்க்க அழகாக இல்லை என்பதற்காகச் செய்வது தகாது. தேறி வர மாதக்கணக்காகும்.

ஷூவால் முடிவது உரசலை நிறுத்துவது, வீங்கிய நீர்ப்பையை அடங்க விடுவது, மற்ற விரல்கள் மடங்காமல் காப்பது. தினமும் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இது பெரிய விடுதலை.

கடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: “கொஞ்ச நாள் போடுங்க மேடம், போடப் போட லூஸாயிடும்.” தோல் ஷூ சில மில்லிமீட்டர் விரியும் என்பது உண்மைதான். புடைப்பு படும் இடத்தை மட்டும் செருப்புத் தைப்பவர் இடுக்கியால் இழுத்து விரித்தும் தரலாம். ஆனால் முனையின் வடிவத்தை யாராலும் விரிக்க முடியாது. கருவி இல்லாமல், போட்டுப் போட்டே ஒரு ஷூ விரிகிறது என்றால், அதை விரிக்கும் விசை உங்கள் மூட்டிலிருந்துதான் வருகிறது. அந்த வேலையை ஒரு நாள்கூட உங்கள் கால் செய்யத் தேவையில்லை. பொருந்தாத ஷூவைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.